ஜெனரேட்டிவ் ஃபில்: சேர்க்கும் நாற்காலி அறைக்குள் பொருந்தி நிற்க என்ன எழுத வேண்டும்?

கேள்வி: ஃபோட்டோஷாப்பில் ஜெனரேட்டிவ் ஃபில் மூலம் அறைப் படத்தில் ஒரு நாற்காலியைச் சேர்த்தால், அது பொம்மை நாற்காலி மாதிரி வருகிறது, இல்லாவிட்டால் வேறு படத்திலிருந்து வெட்டி ஒட்டியது மாதிரி இருக்கிறது. பிராம்ப்டை எப்படி எழுத வேண்டும்?

பதில்:

அளவைத் தீர்மானிப்பது, பொருள் வர வேண்டிய இடத்தைச் சுற்றி நீங்கள் வரையும் செலக்‌ஷன். கோணத்தைத் தீர்மானிப்பது பிராம்ப்ட். அளவையும் பிராம்ப்டிலேயே எழுதிவிடலாம் என்று நினைத்து நானும் வெகுநாள் "large", "small", "90 cm tall" என்றெல்லாம் தட்டச்சு செய்து பார்த்திருக்கிறேன். சென்டிமீட்டர் கணக்கு எந்தப் பயனும் தரவில்லை. அதற்குக் காரணமும் உண்டு. ஜெனரேட்டிவ் ஃபில்லை இயக்கும் செயற்கை நுண்ணறிவு மாதிரிகள், படங்களையும் அவற்றோடு வந்த விவரணைகளையும் பார்த்துப் பயின்றவை. ஒரு நாற்காலிப் படத்தின் கீழே "பச்சை நாற்காலி" என்று எழுதியிருக்குமே தவிர, அந்த நாற்காலி படத்தில் எத்தனை பிக்சல், நேரில் எத்தனை சென்டிமீட்டர் என்று யாரும் எழுதுவதில்லை. மறுபுறம், செலக்‌ஷன் என்பது "இந்த இடத்தை நிரப்பு" என்று மாதிரிக்குக் கிடைக்கும் நேரடியான குறிப்பு. நீங்கள் பெயர் சொன்ன பொருள் அந்த இடத்தைப் பெரும்பாலும் அடைத்துக்கொண்டுதான் வரும். எனவே செலக்‌ஷன் தவறான அளவில் இருந்தால், எவ்வளவு நேர்த்தியாக எழுதினாலும் பொருளும் தவறான அளவில்தான் வரும்.

சரியான செலக்‌ஷன் எவ்வளவு பெரியது என்பதையும், பிராம்ப்டில் எந்தக் கோணத்தை எழுத வேண்டும் என்பதையும் ஒரே கோடு சொல்லிவிடும். அது கண்மட்டக் கோடு, அதாவது படம் எடுத்தபோது கேமரா இருந்த உயரத்தில் அறை முழுவதும் பரவியிருப்பதாகக் கற்பனை செய்யும் தளம் படத்தில் ஒரு கோடாகத் தெரியும் இடம். கேமரா சாயாமல் நேராகப் பிடிக்கப்பட்டிருந்தால், தரையில் உங்களிடமிருந்து விலகிச் செல்லும் இரண்டு இணைகோடுகளை, அதாவது தரை ஓடுகளின் இணைப்புகளையோ பலகைகளின் விளிம்புகளையோ, ஒரு புதிய லேயரில் நீட்டி வரையுங்கள். அவை சந்திக்கும் புள்ளி வழியாகக் கிடைமட்டமாக ஒரு கோடு போட்டால் அதுதான் கண்மட்டம். அந்தப் புள்ளி சுவரின் நடுவிலோ சன்னலுக்கு வெளியிலோ விழலாம். அதைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம்.

இந்தக் கோட்டின் பயன் என்னவென்றால், அந்தத் தரையில் நிற்கும் எல்லாப் பொருள்களையும் அது ஒரே உயரத்தில் வெட்டும். கேமரா 150 செ.மீ. உயரத்தில் இருந்திருந்தால், அருகில் இருக்கும் விளக்கானாலும் கடைசியில் இருக்கும் கதவானாலும், கோடு வெட்டும் இடம் தரையிலிருந்து 150 செ.மீ. ஆகவே ஒரு பொருளின் அடி எங்கே நிற்கப்போகிறது என்று தெரிந்தால், அதன் உச்சி எங்கே வர வேண்டும் என்பது சாதாரண விகிதக் கணக்கு:

```
படத்தில் உயரம் = (அடி − கண்மட்டம்) × பொருளின் உயரம் ÷ கேமராவின் உயரம்
```

இதில் அடியும் கண்மட்டமும் படத்தின் மேல் விளிம்பிலிருந்து எண்ணிய பிக்சல்கள். பொருளின் உயரமும் கேமராவின் உயரமும் சென்டிமீட்டரில்.

அண்மையில் நான் செய்த ஒரு படத்தை வைத்தே இதைக் காட்டுகிறேன். 4000 × 3000 பிக்சல் படம், 60 செ.மீ. சதுர ஓடு பதித்த காலி அறை. பின்சுவரில் ஒரு கதவு. இடப்பக்கச் சன்னலிலிருந்து வெளிச்சம். அதில் ஒரு கை வைத்த நாற்காலி வேண்டும். ஓடுகளின் இணைப்புகளை நீட்டியபோது அவை மேலிருந்து 1100ஆவது பிக்சலில் சந்தித்தன. கேமரா எந்த உயரத்தில் இருந்தது என்பது நினைவில்லை. ஆனால் கதவின் உயரம் 210 செ.மீ. என்று தெரியும். படத்தில் கதவின் அடி 1900இலும் உச்சி 780இலும் இருந்தன. அதாவது 1120 பிக்சல் என்பது 210 செ.மீ.; கண்மட்டத்துக்குக் கீழே உள்ள 800 பிக்சல் என்பது 150 செ.மீ. ஆக, கேமராவின் உயரம் 150. கதவு இல்லாத படம் என்றால் மேசை, மின்விசைப் பலகை என உயரம் தெரிந்த எதை வேண்டுமானாலும் அளவுகோலாகக் கொள்ளலாம். அது அதே தரையில் நிற்கவோ, தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று தெரியவோ வேண்டும், அவ்வளவுதான்.

நாற்காலியின் முதுகு 90 செ.மீ. உயரம் என்று வைத்துக்கொண்டேன். பின்கால்கள் 2190இல் நிற்க வேண்டும் என்று முடிவு செய்தால், (2190 − 1100) × 90 ÷ 150 என்பது 654. எனவே முதுகின் உச்சி 1536 அருகில் வர வேண்டும். பலர் இந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு 654 பிக்சல் உயரத்துக்குச் செலக்‌ஷன் போட்டுவிடுகிறார்கள். நாற்காலி பொம்மை போல் வருவதற்கு நான் பார்த்த வரையில் இதுவே முதல் காரணம். நாற்காலிக்கு ஆழம் இருக்கிறது. 70 செ.மீ. ஆழமுள்ள நாற்காலியின் முன்கால்கள் ஓர் ஓட்டைத் தாண்டிச் சற்று முன்னால் நிற்கும். படத்தில் ஓடுகளை எண்ணிப் பார்த்தால் அந்த இடம் 2440. எனவே முதுகின் உச்சியிலிருந்து முன்காலின் நுனி வரை நாற்காலி படத்தில் அடைக்கும் உயரம் ஏறக்குறைய 900 பிக்சல். 654க்கும் 900க்கும் உள்ள இடைவெளிதான் பெரியவர் உட்காரும் நாற்காலிக்கும் குழந்தை நாற்காலிக்கும் உள்ள இடைவெளி.

அகலத்துக்கும் இதே முறைதான். நாற்காலியின் நடுப்பகுதி நிற்கும் இடத்தில், அதாவது 2300 அருகே, 1200 பிக்சலுக்கு 150 செ.மீ. என்றால் ஒரு சென்டிமீட்டருக்கு 8 பிக்சல். 75 செ.மீ. அகலம் 600 பிக்சல் ஆகிறது. சற்றுத் திரும்பி நிற்கும் நாற்காலி என்பதால் 700 என்று எடுத்துக்கொண்டேன்.

செலக்‌ஷனை வரையும்போது நாற்காலியின் வெளிக்கோட்டை ஒட்டி வெட்ட வேண்டாம்; லாஸோ கருவியால் தளர்வாக வரையுங்கள். உச்சியிலும் பக்கங்களிலும் முப்பது, நாற்பது பிக்சல் கூடுதலாக விட்டால் போதும். ஆனால் கால்களுக்குக் கீழேயும், வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கமான வலப்பக்கத் தரையிலும் நிழல் விழத் தாராளமாக இடம் விட வேண்டும். நாற்காலி மிதப்பது போல் தெரிந்தால் பெரும்பாலும் செலக்‌ஷன் கால் நுனியோடு முடிந்திருக்கும். நிழலை வரைய மாதிரிக்கு இடமே கிடைத்திருக்காது. நிழலுக்கான நீட்சி தரையை ஒட்டித் தட்டையாக இருக்கட்டும். அதை மேலேயும் அகலமாக்கிவிட்டால் நாற்காலியே அகன்றுவிடும், அல்லது பக்கத்தில் ஒரு சிறு மேசை கேளாமலே வந்து நிற்கும். என் செலக்‌ஷன் கடைசியில் ஏறக்குறைய 1000 × 1000 பிக்சல் அளவில் அமைந்தது. முதலில் வந்த மாதிரிகள் ஒரு பக்கத்துக்கு 1024 பிக்சல் அளவில் உருவாக்கி, அதைவிடப் பெரிய செலக்‌ஷனாக இருந்தால் இழுத்துப் பெரிதாக்கின; அதனால் துணியின் நெசவு மழுங்கித் தெரிந்தது. பின்னர் வந்தவை இதில் மேம்பட்டிருந்தாலும், தேவைக்கு மேல் பெரிய செலக்‌ஷன் போடாதிருப்பது இன்றும் நல்ல பழக்கம்.

இனி பிராம்ப்ட். நான் ஆங்கிலத்திலேயே எழுதுகிறேன். நாற்காலி வகைகளுக்கு அந்த மொழியில் தனித்தனிப் பெயர்கள் இருப்பதும், ஒவ்வொரு பெயரும் ஓர் உயரத்தைத் தன்னோடு கொண்டுவருவதும் அதற்குக் காரணம். முதலில் நான் எழுதியது இது:

```
add a beautiful realistic chair to this room, 90 cm tall, correct perspective
```

வந்தது, கடைப் பட்டியலில் பார்க்கும் நாற்காலி. நேர் முன்புறமாக, இருக்கையின் மேற்பரப்பு ஒரு மெல்லிய பட்டையாக மட்டுமே தெரியும்படி இருந்தது. அளவு சரியாக இருந்தும் அறையோடு ஒட்டவில்லை. பட்டியல் படங்களைப் பெரும்பாலும் தாழ்ந்த உயரத்தில் கேமராவை வைத்துச் சற்றுத் தள்ளி நின்று எடுப்பார்கள். கோணம் எதையும் சொல்லாதபோது மாதிரி அந்தப் பழக்கத்துக்கே திரும்பிவிடுகிறது. இந்தப் பிராம்ப்டில் "add" என்ற கட்டளையும் வீண், "realistic" என்பதும் வீண். சுற்றியுள்ள படமே புகைப்படமாக இருக்கும்போது அதைத் தனியாகக் கேட்க வேண்டியதில்லை. "correct perspective" என்பது எந்தக் கோணத்தையும் குறிக்காத வெறும் வேண்டுகோள். இரண்டாவதாக எழுதியது:

```
dark green fabric armchair, three-quarter view, seen from slightly above, standing on the tiled floor, all four legs visible
```

இதில் ஒவ்வொரு சொற்றொடருக்கும் ஒரு வேலை இருக்கிறது. "armchair" என்பது "chair" என்பதைவிடக் குறுகிய பெயர்; உயரமான மதுக்கூட நாற்காலியோ குழந்தை நாற்காலியோ வருவதற்கு அது இடம் தராது. "three-quarter view" என்பது நாற்காலி திரும்பியிருக்கும் விதத்தைச் சொல்கிறது. "standing on the tiled floor" பொருளைத் தாங்கும் பரப்பைப் பெயரிட்டுச் சொல்கிறது. இதை விட்டுவிட்டால் நாற்காலி சில சமயம் தனக்கென ஒரு கம்பளத்தையும் கொண்டுவந்து அதன் மேல் நிற்கும். நான்கு கால்களும் தெரிய வேண்டும் என்பது, செலக்‌ஷனின் விளிம்பில் நாற்காலி வெட்டுப்படாமல் முழுவதுமாக உள்ளே அடங்குவதற்காக.

"seen from slightly above" என்ற தொடரைக் கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிடக் கூடாது. அதையும் கண்மட்டக் கோட்டிலிருந்தே எடுக்க வேண்டும். என் கணக்கில் முதுகின் உச்சி 1536இல், அதாவது கோட்டுக்குக் கீழே இருக்கிறது; எனவே நாற்காலி முழுவதையும் மேலிருந்தே பார்க்கிறோம். எவ்வளவு மேலிருந்து? இருக்கை 45 செ.மீ. உயரம், கேமராவுக்கு 105 செ.மீ. கீழே, கேமராவிலிருந்து அது நிற்கும் இடம் ஏறக்குறைய 330 செ.மீ. தூரம். பார்வை பதினேழு, பதினெட்டு டிகிரிதான் கீழ்நோக்கிச் சாய்கிறது. அதற்கு "slightly" போதும். அதே நாற்காலி ஒரு மீட்டர் தூரத்தில் நின்றால் பார்வை 45 டிகிரிக்கு மேல் சாயும்; அங்கே "high angle view" என்றே எழுத வேண்டும். உச்சி கோட்டுக்கு மேலே போகும் அலமாரி போன்ற பொருளுக்கு "eye-level view" என்று எழுதலாம்; அதன் மேற்பலகை தெரியவே கூடாது, தெரிந்தால் அந்தப் படத்தைத் தள்ளிவிட வேண்டியதுதான். கேமராவைத் தரையருகே வைத்து எடுத்த படத்தில் நாற்காலியின் முதுகே கோட்டைத் தாண்டிவிடும்; அங்கே "low angle view" பொருந்தும். "top view" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். கூரையில் தொங்கிக்கொண்டு எடுத்தது போல் வந்து சேரும்.

இடம், வலம் என்ற சொற்களை மாதிரி நம்பகமாகப் பின்பற்றுவதில்லை. நாற்காலி எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று எழுதிப் போராடுவதைவிட, ஒவ்வொரு முறையும் கிடைக்கும் மூன்று வடிவங்களில் சரியாகத் திரும்பியிருப்பதைத் தேர்ந்தெடுப்பது விரைவான வழி. நிழலைப் பற்றியும் நான் எதுவும் எழுதுவதில்லை. இடம் விட்டிருந்தால் அது தானாக வருகிறது. "Shadow" என்று எழுதியபோது கரிய திட்டாகத் தடித்து வந்ததே அதிகம்.

நாற்காலிக்கு இயல்பாகவே ஓர் அளவு உண்டு. மனிதர் உட்காரும் பொருள் என்பதால் அது அதிகம் வேறுபட முடியாது. செடி, கல், பூச்சாடி, பெட்டி போன்றவற்றுக்கு அப்படி ஓர் அளவு கிடையாது. இவற்றில் செலக்‌ஷன் சரியாக இருந்தும் படம் தவறும். அதே அறையில் கதவருகே 120 செ.மீ. உயரச் செடி ஒன்றை வைக்க முயன்றேன். அடி 1950 என்பதால் 680 பிக்சல் உயரம் என்று கணக்கிட்டு, "potted plant" என்று மட்டும் எழுதினேன். செடி 680 பிக்சல் உயரத்தில்தான் வந்தது, ஆனால் அது மேசை மேல் வைக்கும் சதைப்பற்றுச் செடி. ஒவ்வோர் இலையும் 150 பிக்சல் அகலம்; அந்தத் தூரத்தில் அது 26 செ.மீ.க்கு மேல். உள்ளங்கையில் அடங்க வேண்டிய செடி இடுப்புயரத்துக்கு ஊதிப்பெருத்து நின்றது. "large potted plant" என்று மாற்றியும் திருந்தவில்லை. இலைகள்தான் இன்னும் பெரிதாயின. பார்ப்பவர் கண் அளவை உணர்வது மொத்த உயரத்தால் மட்டுமல்ல, உறுப்புகள் எவ்வளவு நுண்ணியவை என்பதாலும்தான். ஆகவே "large" என்ற சொல்லுக்குப் பதிலாக, பெரிய செடிக்கே உரிய உறுப்புகளை எழுத வேண்டும்:

```
areca palm with many thin fronds in a wide floor planter, standing on the tiled floor
```

தரையில் வைக்கும் தொட்டி, பல மெல்லிய ஓலைகள் என்று சொன்னவுடன் அதே 680 பிக்சலுக்குள் செடி தன் உண்மையான அளவுக்கு வந்துவிட்டது. கல்லுக்கு அதன் அடியில் முளைத்த புல்லும், மரப்பெட்டிக்குப் பலகைகளின் எண்ணிக்கையும் ஆணித் தலைகளும் இதே வேலையைச் செய்யும். "small" என்ற சொல்லிலும் இதேபோன்ற ஆபத்து உண்டு. பெரிய செலக்‌ஷனுக்குள் "small table" என்று எழுதினால், குழந்தைகள் மேசை ஒன்று அந்த இடம் முழுவதையும் அடைத்துக்கொண்டு வரும்.

வந்த படம் சரியா என்று கண்ணால் மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இரண்டு மணி நேரம் ஒரே படத்தைப் பார்த்த கண் எதையும் ஏற்றுக்கொள்ளும். கண்மட்டக் கோடு போட்ட லேயரை மீண்டும் காட்டி, நாற்காலி இருக்கையின் இரு பக்க விளிம்புகளை நீட்டிப் பாருங்கள். திரும்பி நிற்கும் நாற்காலி என்பதால் அவை ஓடுகளின் கோடுகள் சந்தித்த அதே புள்ளியில் சந்திக்க வேண்டியதில்லை. ஆனால் அதே கிடைமட்டக் கோட்டின் மேல் எங்காவது சந்திக்க வேண்டும். கோட்டுக்கு மிகவும் மேலே சந்தித்தால் நாற்காலியை நாம் கேட்டதைவிட உயரத்திலிருந்து பார்க்கிறோம், கீழே சந்தித்தால் தாழ்விலிருந்து பார்க்கிறோம் என்று பொருள். அதற்கேற்பக் கோணச் சொல்லை மாற்றி மீண்டும் உருவாக்கலாம். முப்பது, நாற்பது பிக்சல் விலகலைப் பொருட்படுத்த வேண்டாம். சுருண்ட ஓரங்களும் மெத்தையும் உள்ள நாற்காலியில் விளிம்பை அதற்கு மேல் துல்லியமாக நீட்டவும் முடியாது.

எனக்குக் கோணம் சரியாக அமைந்த வடிவத்தில் முதுகின் உச்சி 1480இல் இருந்தது. வேண்டியதைவிட 56 பிக்சல் மேலே. இத்தகைய சிறு பிழைக்கு மறுபடி உருவாக்கத் தேவையில்லை. முன்காலின் நுனியை மையமாக வைத்து அந்த லேயரை 94 விழுக்காடாகச் சுருக்கினேன். 2440க்கும் 1480க்கும் இடையிலிருந்த 960 பிக்சல் ஏறக்குறைய 902 ஆகி, உச்சி தன் இடத்துக்கு வந்தது. பத்து விழுக்காட்டுக்கு மேல் சுருக்க வேண்டியிருந்தால் செலக்‌ஷனைத் திருத்தி மீண்டும் உருவாக்குவதே நல்லது. சுருக்கும்போது நாற்காலியோடு அந்த லேயரில் வந்த தரையும் சேர்ந்து சுருங்குவதால், ஓடுகளின் இணைப்புகள் அசல் தரையோடு விலகும். சுருக்காவிட்டாலும் இணைப்புகள் ஓரிரு பிக்சல் தள்ளி வருவது வழக்கம்தான். லேயரோடு வரும் மாஸ்க்கில் கறுப்புத் தூரிகையால், நாற்காலியும் நிழலும் தவிர மற்ற தரையை அழித்துவிட்டால் அசல் ஓடுகள் திரும்பத் தெரியும். பார்ப்பவர் முதலில் பிடிப்பது நாற்காலியின் கோணத்தை அல்ல, ஒடிந்து போன இந்த ஓட்டுக் கோட்டைத்தான்.

மேலே சொன்னவை செலக்‌ஷனை நிரப்பும் மாதிரிக்குப் பொருந்தும். 2025 முதல் ஃபோட்டோஷாப்பில் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும் வேறு சில மாதிரிகள் முழுக் கட்டளை வாக்கியங்களையும் ஏற்கின்றன. அவற்றுக்கு "கதவின் கைப்பிடியைவிடச் சற்றுத் தாழ்வாக" என்பது போல, படத்தில் உள்ள பொருளோடு ஒப்பிட்டு எழுதலாம். ஆனால் அவை செலக்‌ஷனின் அளவை அவ்வளவு கண்டிப்பாக மதிப்பதில்லை என்பதால், கோட்டை வைத்துச் சரிபார்ப்பது அங்கே இன்னும் அவசியமாகிறது.

கேமராவைக் கீழ்நோக்கியோ மேல்நோக்கியோ சாய்த்து எடுத்த படத்தில் இந்தக் கணக்கு தடுமாறும். கதவின் நிலைகளும் சுவர் மூலைகளும் செங்குத்தாக நிற்காமல் ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்திருப்பதைக் கொண்டு அதைக் கண்டுபிடிக்கலாம். மாதிரி அந்தச் சாய்வைப் பெரும்பாலும் கவனிக்காமல் நிமிர்ந்த நாற்காலியையே தரும். பிராம்ப்டில் என்ன எழுதினாலும் அது எளிதில் மாறுவதில்லை. அப்படிப்பட்ட படத்தில் முதலில் Camera Raw Filter-இல் உள்ள Upright வசதியால் செங்குத்துக் கோடுகளை நிமிர்த்தி, ஓரங்களை வெட்டிச் சீர் செய்துவிட்டு, அதன் பிறகு கண்மட்டக் கோட்டை வரையத் தொடங்குங்கள்.